ஷிப்மென்ட் எல்லாம் டைமுக்குப் போகுது, ஆனா டெஸ்க்ல ஆள் நிக்கறதில்ல. அப்ரைசல்ல எப்படி எழுதறது?

காங்கயம்ரோடு

திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் யூனிட்ல மெர்ச்சண்டைசிங் மேனேஜரா இருக்கேனுங்க. வருஷாந்திர அப்ரைசல் ஃபாரம் மேசைல கெடக்குது. மத்தவங்களுக்கெல்லாம் எழுதி முடிச்சாச்சு, ஒருத்தருக்கு மட்டும் எழுத ஓடல.

குமார்னு வெச்சுக்கங்க, நெசப்பேரு அதில்ல. சீனியர் மெர்ச்சண்டைசர். ரெண்டு ஐரோப்பா பையர் அவரு கையில. போன நிதியாண்டுல அவரு டெஸ்க்ல 41 ஆர்டர், அதுல 39 சொன்ன தேதிக்குப் போயிருச்சு. மீதி ரெண்டும் பையர்கிட்ட முன்னாடியே பேசி தேதி மாத்தி வாங்கினது. ஏர்ல ஒரு பெட்டிகூடப் போகல. இந்த ஊர்ல மெர்ச்சண்டைசிங் பாக்கறவங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

மறுபக்கம் பாருங்க. அவருக்குக் கீழ போட்ட ஜூனியர் மூணு பேர்ல ரெண்டு பேரு வேலையை விட்டு நின்னுட்டாங்க. மூணாவது பொண்ணு "வேற டெஸ்க் குடுங்க சார்"னு வந்து நிக்குது. ராத்திரி பத்து பதினோரு மணிக்கு வாட்ஸ்அப் குரூப்ல பேரைப் போட்டு "ஒரு மெயிலுக்கு ரிப்ளை போடத் தெரியாதவங்களை யாரு வேலைக்கு எடுத்தது"ன்னு கேப்பாரு. அந்த குரூப்ல சாம்ப்ளிங், கட்டிங், பேக்கிங் அத்தனை பேரும் இருக்காங்க. சாம்ப்ளிங் மாஸ்டர் நேராவே சொல்லிட்டாரு, "அந்தாளு ஃபைல் வந்தா எனக்கு அன்னிக்கு வேலையே ஓடறதில்லீங்".

ஃபாரம்ல ரிசல்ட்டுக்கு 70, நடத்தைக்கு 30. அஞ்சுக்கு மார்க். மொத்தம் நாலுக்கு மேல வந்தா மேல்தட்டு இன்க்ரிமென்ட். மொதலாளிக்கு குமார்னா உசுரு. அஞ்சு போட்டாலும் மனசு ஒப்பல, மூணு போட்டாலும் ஒப்பல. நியாயமா எழுதறது எப்படிங்க?

பீளமேடு டெக்கி

இதுல யோசிக்க என்ன இருக்கு ப்ரோ? தூக்கிருங்க. ஹார்வர்டுல 2015-ல ஹவுஸ்மன், மைனர்னு ரெண்டு பேரு ஒரு ஆய்வு போட்டாங்க. ஐம்பதாயிரத்துக்கு மேல ஊழியர்களோட டேட்டா. முதல் ஒரு சதவீதத்துல வர்ற சூப்பர் ஸ்டாரை எடுத்தா கம்பெனிக்கு சுமார் 5,300 டாலர் லாபம். ஒரு டாக்ஸிக் ஆளை எடுக்காம விட்டா சுமார் 12,500 டாலர் மிச்சம். கணக்கே முடிஞ்சுது. 41 ஆர்டர் எல்லாம் அப்பறம்.

பல்லடம் ஜாப்ஒர்க்

எங்கிட்டயும் இப்படி ஒருத்தன் இருக்கான்ங்ணா. ஓவர்லாக் டெய்லர், கை மெஷினை விட வேகமா ஓடும். ஆனா பக்கத்துல இருந்து பீஸ் எடுத்துக் குடுக்கற கைமடி புள்ளைங்களை வாயைத் திறந்தா திட்டு. பீஸ் ரேட்டுங்கறதால பண்டில் ரெண்டு நிமிஷம் லேட்டா வந்தாலும் காசு போச்சுன்னு கத்துவான். நான் ஃபாரமும் எழுதல, ஒண்ணும் எழுதல. அவனுக்குப் பக்கத்துல என்ற சித்தியைக் கைமடியா உக்கார வெச்சுட்டேன். சனிக்கெழம கவர் குடுக்கறப்ப ஒரு வார்த்தை சொல்லி விடறதோட சரி. இப்ப ஆளு பொட்டிப்பாம்பு. உங்களுக்கு ரேட் பிரச்சனைன்னா பீஸ் ரேட்டை மாத்தி ஷிஃப்ட் சம்பளம் போட்டுப் பாருங்க.

காங்கயம்ரோடு

அண்ணா, இது மாசச் சம்பளத்து ஆளுங்க, டெய்லர் இல்ல. ஆனா சித்தி யோசனை நல்லாத்தான் இருக்குது 😄

ஒண்டிப்புதூர்

கோவையில் பம்ப் கம்பெனிகளில் ரொம்ப காலம் எச்.ஆர். பார்த்து ஓய்வு பெற்றவன். சில விஷயம் சொல்கிறேன்.

முதலில் பீளமேடு தம்பிக்கு. அந்த ஆய்வு உண்மைதான். ஆனால் அதில் "டாக்ஸிக்" என்று எண்ணியது யாரை? விதிமீறலுக்காக வேலையை விட்டே நீக்கப்பட்டவர்களை. மோசடி, அடிதடி, பாலியல் தொல்லை போன்ற குற்றங்கள். குரூப்பில் கடுமையாகப் பேசுகிறவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். அந்த எண்ணை எடுத்து குமார் தலையில் வைப்பது நியாயம் இல்லை.

இப்போது இழை ஆரம்பித்தவருக்கு. நீங்கள் குமாரின் ரிசல்ட்டை ஒரு தட்டிலும் குணத்தை இன்னொரு தட்டிலும் வைத்து நிறுத்துப் பார்க்கிறீர்கள். அதனால்தான் எந்த மார்க் போட்டாலும் ஒப்பவில்லை. அதற்கு முன்னால் 39 என்ற எண்ணையே பிரித்துப் பார்க்க வேண்டும். அதில் எவ்வளவு அவர் கைவேலை, எவ்வளவு மற்றவர்களிடமிருந்து பிடுங்கியது?

எங்கள் பக்கம் ஒரு அசெம்பிளி சூபர்வைசர் இருந்தார். மாதாமாதம் டார்கெட் தாண்டுவார். ஒரு நாள் ஸ்டோர்ஸ் இஷ்யூ சிலிப்பை எடுத்துப் பார்த்தால், பக்கத்து லைனுக்கு வர வேண்டிய மெக்கானிக்கல் சீலையும் பேரிங்கையும் காலை ஏழு மணிக்கே தன் லைனுக்கு இறக்கி வைத்திருக்கிறார். பக்கத்து லைன் டார்கெட் தவறியதற்கு பாதிக் காரணம் அவர்தான். ஆனால் அப்ரைசலில் ஒருவர் சூரர், ஒருவர் சோம்பேறி. உங்கள் ஃப்ளோரில் அப்படிப் பொதுவாகப் பங்கிடுவது எது? சாம்ப்ளிங் டெய்லர்களா, பிரிண்டிங் ஸ்லாட்டா? அந்த ரிஜிஸ்டரைப் பாருங்கள்.

இன்னும் இரண்டு கேள்வி. நீங்கள் எழுதிய குறைகளில் எதெல்லாம் நீங்களே கண்ணால் பார்த்தது? இந்த வருஷத்துக்குள் அவரிடம் இதைச் சொன்னீர்களா?

கணபதி ஃபவுண்டரி

நான் எதிர்த் தரப்பு. என்னைப் பத்தி அப்படித்தான் எழுதினாங்க.

ஒரு ஃபவுண்டரில மோல்டிங் பாத்துட்டு இருந்தேன். ரிஜெக்ஷனை ஒரு வருஷத்துல பாதியா கொறைச்சேன். எப்படின்னா, மண்ணுல ஈரம் சரியில்லைன்னா மோல்டு போட விடமாட்டேன், சாண்ட் பிளான்ட் ஆளைக் கூப்பிட்டு அங்கயே கேப்பேன். அப்ரைசல்ல ஒரே ஒரு வரி: "டீம் ப்ளேயர் அல்ல". எந்த நாள், யாருகிட்ட, என்ன பேசினேன்னு கேட்டேன். "எல்லாரும் சொல்றாங்க"ன்னாரு மேனேஜர். எல்லாரும்னா யாரு? அதுக்குப் பதில் இல்ல. ஆறு மாசத்துல வேற எடம் பாத்துட்டுப் போயிட்டேன்.

நான் கத்தினது நெசம்தான். ஆனா அந்த வரியைப் படிச்சு நான் எதை மாத்தறது? ஈரமான மண்ணுல மோல்டு போட விடறதையா?

காங்கயம்ரோடு

ஒண்டிப்புதூர் ஐயா சொன்னதுக்கப்பறம் இன்னிக்கு சாயந்தரம் சாம்ப்ளிங் ரிஜிஸ்டரை எடுத்து உக்காந்தேன். உள்ள வந்த தேதி, டெய்லர் பேரு, வெளிய போன தேதி, எல்லாம் மாஸ்டர் கையெழுத்துல இருக்குது.

வருஷம் பூராப் பாத்ததுல ஆறு எடத்துல குமாரோட பி.பி. சாம்பிள் வரிசையைத் தாண்டி முன்னால போயிருக்குது. நேரா டெய்லர்கிட்டயே போய் நின்னு தெக்க வெச்சிருக்காரு. அதுல ஒண்ணு ரொம்ப உறுத்துது. நவம்பர்ல இன்னொரு மெர்ச்சண்டைசரோட பி.பி. சாம்பிள் நாலு நாள் கெடையில கெடந்திருக்குது. பி.பி. அப்ரூவல் வராம கட்டிங் தொட முடியாதுன்னு உங்களுக்கே தெரியும். அந்த ஆர்டர்தான் தூத்துக்குடில கப்பல் ஏற வேண்டியது, கடைசில ஏர்ல போச்சு. ஏர் காசு எங்க கைல இருந்து. அந்த மெர்ச்சண்டைசருக்கு நான் ரிசல்ட்டுல மூணு போட்டு வெச்சிருக்கேன்!

ஆனா ஒண்ணு. அதே ஆர்டருக்கு கேர் லேபிளும் லேட்டாத்தான் வந்துச்சு. அதனால மொத்தப் பழியையும் குமார் மேல போட முடியாது.

கண்ணால பாத்ததுன்னா, குரூப் மெசேஜ் எல்லாம் அப்படியே இருக்குது. ஃப்ளோர்ல ஒரு தடவ நானே நின்னு பாத்திருக்கேன். அளவு டேப்பைப் பிடுங்கி மேசைல வீசிட்டு, "இது கூட அளக்கத் தெரியல"ன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொன்னாரு. சுத்தி ஒரு லைனே நிக்குது. மத்ததெல்லாம் கேள்விப்பட்டதுதான்.

சொன்னேனான்னா, தீபாவளிக்கு முன்னால கேபின்ல கூப்பிட்டு "கொஞ்சம் பாத்துப் பேசுங்க குமார், புள்ளைங்க பயப்படுதுங்க"ன்னு சொன்னேன். சரிங்கன்னு போனாரு.

ஈரோட்டுக் கணக்கு

எனக்கு எச்.ஆர். எல்லாம் தெரியாது, கணக்குதான் தெரியும். 70-க்கு 30 வெயிட்டேஜ் வெச்சா, ரிசல்ட்டுல 5, நடத்தைல 2 போட்டாலும் மூணரையும் பாயிண்ட் ஆறும் சேந்து 4.1. மேல்தட்டு இன்க்ரிமென்ட் வந்துரும். நடத்தைல அடிமட்டம் ஒண்ணு போட்டாக்கூட 3.8. அதாவது உங்க ஃபாரமே, ரிசல்ட் இருந்தா எப்படி வேணா பேசிக்கோன்னு சொல்லுது.

ரிசல்ட்டை 4 ஆக்கிட்டா, நடத்தை 2-ஓட சேந்து 3.4. அப்படிப் போட்டு ஆளை நடுத்தட்டுல நிறுத்திருங்க. சிம்பிள்.

ஒண்டிப்புதூர்

கணக்கு சரி, யோசனைதான் தப்பு. எந்த மார்க் வர வேண்டும் என்று முதலில் முடிவு செய்துகொண்டு அதற்கேற்ப ரிசல்ட்டைக் குறைத்தால் குமார் ஒரே நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார். அவர் கையில் ஷிப்மென்ட் லிஸ்ட் இருக்கிறது. "39 ஆர்டர் டைமுக்குப் போனது, ஏன் நாலு?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? ஒரு மார்க்கில் பொய் இருந்தால் மற்ற எந்த வரியையும் அவர் நம்பமாட்டார். கோபத்தைப் பற்றி நீங்கள் எழுதிய உண்மையும் சேர்ந்து செத்துப்போகும்.

ரிசல்ட்டைக் குறைப்பதாக இருந்தால் அதற்கு ரிசல்ட்டிலேயே காரணம் வேண்டும். சாம்ப்ளிங் வரிசையை ஆறு முறை தாண்டியது அப்படி ஒரு காரணம். அது குணம் சம்பந்தப்பட்டதே இல்லை, அவர் டெஸ்க் எண்ணுக்கு மற்ற டெஸ்க் கொடுத்த விலை. அதற்காக ஐந்தை நாலரை ஆக்கினால் அவரிடம் ரிஜிஸ்டரைக் காட்டிப் பேச முடியும். அந்த இன்னொரு மெர்ச்சண்டைசருக்குப் போட்ட மூன்றையும் திரும்பப் பாருங்கள். குமாருடைய ஃபாரத்தை மட்டும் நியாயமாக எழுதிவிட்டு அதை விட்டுவிட்டால் பாதி வேலைதான் ஆகிறது.

அடுத்தது. "கொஞ்சம் பாத்துப் பேசுங்க" என்றது எச்சரிக்கை ஆகாது தம்பி. அவர் காதில் அது ஒரு குசலம் விசாரிப்பு மாதிரி விழுந்திருக்கும். எதை நிறுத்த வேண்டும், நிறுத்தாவிட்டால் ஃபாரத்தில் வரும் என்று இரண்டையும் சொல்லியிருக்க வேண்டும்.

காங்கயம்ரோடு

ஐயா, அதை மட்டும் நான் முழுசா ஒத்துக்க மாட்டேன். பத்து வருஷ சர்வீஸ் உள்ள ஆளு. டேப்பைப் பிடுங்கி வீசக்கூடாதுன்னு எழுதிக் குடுத்தாத்தான் தெரியணுமாங்க?

சிவன்மலை

நான் வேற கம்பெனில ஜூனியர் மெர்ச்சண்டைசர். இப்படி ஒருத்தருக்குக் கீழ ஒன்றரை வருஷம் இருந்தேன். ரெண்டு விஷயம் சொல்லணும்ங்க.

எங்க சீனியர்கிட்ட நான் கத்துக்கிட்ட மாதிரி வேற யாருகிட்டயும் கத்துக்கல. சாய ஃபேக்டரில இருந்து கலர் சாம்பிளா லேப் டிப் வந்தா லைட் பாக்ஸ்ல டி65, டிஎல்84 ரெண்டு லைட்லயும் அவரே பாத்துட்டு, பையர் எதைத் தேர்ந்தெடுப்பாங்கன்னு சொல்லிட்டுத்தான் கூரியர் போடுவாரு. பெரும்பாலும் முதல் தடவையே அப்ரூவல் வந்துரும். ஒரு ரவுண்டு ரிஜெக்ட் ஆனா சாய ஃபேக்டரில திரும்ப வரிசைல நின்னு, பையருக்கு அனுப்பி, பதில் வாங்க வாரக்கணக்குல போயிரும். அதை மிச்சம் பண்றது பெரிய திறமை. உங்க குமார்கிட்டயும் அப்படி ஏதாச்சும் இருக்கும். "திறமையானவர்"னு ஒரு வார்த்தைல முடிக்காம அது என்னன்னு எழுதுங்க.

ரெண்டாவது, திட்டோட நஷ்டம் நின்னுட்டுப் போற ஆளுங்களோட முடியறதில்ல. ஒரு தடவ ஸ்பெக் ஷீட் மாறியிருந்துச்சு. பையர் புது வெர்ஷன் அனுப்பிட்டாங்க, செஸ்ட் அளவு ஒரு சென்டி கூட. ஃபைல்ல பழசுதான் இருந்துச்சு. நான் மத்தியானமே பாத்துட்டேன். ஆனா சொன்னா "இதை ஏன் காலைல பாக்கல"ன்னுதான் முதல் கேள்வி வரும்னு தெரியும். சாயந்தரம் அவரு வெளிய போனதுக்கு அப்பறம் சாம்ப்ளிங்ல சொன்னேன். அதுக்குள்ள சைஸ் செட் பாதி தெச்சுட்டாங்க. இந்த மாதிரி நஷ்டம் எந்த ரிப்போர்ட்லயும் வராது. வாட்ஸ்அப் மெசேஜை விட இதுதான் பெருசுன்னு நெனைக்கறேன்.

இன்னொண்ணு கெஞ்சிக் கேக்கறேன். அந்தப் பொண்ணு சொன்னதை ஃபாரம்ல எழுதாதீங்க. பேரு போடலைன்னாலும் அத்தனை சின்ன டெஸ்க்ல யாரு சொன்னதுன்னு கண்டுபிடிக்க எத்தனை நேரம் ஆகும்? அடுத்த நாளே அதுக்குப் பொழப்பு நாறிரும்.

ஒண்டிப்புதூர்

அம்மணி சொன்னது ரொம்பச் சரி. ஃபாரத்தில் வருவதெல்லாம் மேனேஜர் தானே பார்த்ததாகவோ, எல்லோருக்கும் தெரிந்த பதிவாகவோ மட்டும் இருக்கட்டும். ஜூனியர்கள் தனியாகச் சொன்னது, எங்கே பார்க்க வேண்டும் என்று மேனேஜருக்குக் காட்டும் கைகாட்டி. அதைப் பிடித்துக்கொண்டு போய் ரிஜிஸ்டரையும் குரூப்பையும் பார்த்தால் போதும்.

வெள்ளகோவில் வாசகி

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். பொண்ணுங்ககிட்ட அவரு பேசறது வெறும் கோபமா, இல்ல வேற மாதிரியுமா? அதைக் கேக்காமயே எல்லாரும் போயிட்டே இருக்கீங்க.

காங்கயம்ரோடு

கேக்க வேண்டிய கேள்விதான். அந்தப் பொண்ணுகிட்ட எங்க எச்.ஆர். மேடம் தனியா உக்காந்து பேசினாங்க. அந்த மாதிரி ஒண்ணும் இல்லைன்னு சொல்லிருச்சு. பசங்களையும் இதே மாதிரித்தான் திட்டறாரு.

ஒண்டிப்புதூர்

நல்லது. அப்படி ஏதாவது இருந்தால் அது அப்ரைசல் விஷயமே அல்ல. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும், அங்கேதான் போக வேண்டும். மார்க்கில் ஒன்றைக் குறைத்துச் சமாளிக்கிற காரியம் இல்லை.

காங்கயம்ரோடு

நேத்து ராத்திரி ஒரு வரைவு எழுதினேன். ஃபாரம் இங்கிலீஷ்ல, இங்க தமிழ்ல போடறேன். கிழிச்சுத் தொங்க விடுங்க:

> "குமார் மிகத் திறமையானவர். ஷிப்மென்ட்டுகளை உரிய நேரத்தில் முடிக்கிறார். ஆனால் கோபக்காரர், சக ஊழியர்களை மதிப்பதில்லை. அவரால் இருவர் வேலையை விட்டுவிட்டனர். மனப்பான்மையை மாற்றிக்கொள்ள வேண்டும்."

கணபதி ஃபவுண்டரி

இதைப் படிச்சா எனக்கே கோபம் வருது 😀

ஒண்டிப்புதூர்

கோபக்காரர் என்பது ஆளைப் பற்றிய தீர்ப்பு. அதை அவர் மறுத்துவிட்டால் பேச்சு முடிந்தது. மதிப்பதில்லை என்பது அவர் மனசுக்குள் இருப்பது, உங்களுக்கு எப்படித் தெரியும்? டேப்பை வீசினார் என்பதை அவரே மறுக்க முடியாது.

"அவரால் இருவர் வேலையை விட்டனர்." போகும்போது அவர்கள் என்ன சொன்னார்கள்?

காங்கயம்ரோடு

ஒரு பையன் எங்கிட்ட வாயால சொன்னான், முடியல சார்னு. இன்னொருத்தன் பையிங் ஆபீஸ்ல சம்பளம் கூடக் கெடைச்சதுன்னு போனான். குமார் இல்லைன்னாலும் போயிருப்பானா, தெரியல.

ஒண்டிப்புதூர்

அப்படியானால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். ஆள் நிற்காதது டெஸ்க்கின் பிரச்சினை என்று மொதலாளியிடம் பேசும்போது சொல்லுங்கள், குமார் ஃபாரத்தில் குற்றமாக வைக்காதீர்கள். "மனப்பான்மையை மாற்று" என்பதையும் எடுங்கள். மாறியதா இல்லையா என்று அடுத்த ஏப்ரலில் எதை வைத்துப் பார்ப்பீர்கள்?

நான் எழுதினால் ஏறக்குறைய இப்படி எழுதுவேன். விவரம் எல்லாம் நீங்கள் சொன்னதுதான், லேப் டிப் மட்டும் சிவன்மலை அம்மணி கொடுத்த யோசனை, உங்கள் குமாருக்குப் பொருந்துமா பாருங்கள்:

> "41 ஆர்டர்களில் 39 உரிய தேதியில் சென்றன, மீதி இரண்டிலும் பையரிடம் முன்கூட்டியே தேதி மாற்றம் பெற்றார். ஏர் ஷிப்மென்ட் இல்லை. லேப் டிப்களைத் தானே சரிபார்த்து அனுப்புவதால் பெரும்பாலும் முதல் சுற்றிலேயே ஒப்புதல் கிடைத்தது. இது யூனிட்டிலேயே சிறந்த வேலை.
>
> ஆறு முறை சாம்ப்ளிங் வரிசையை மாற்றி நேரடியாக டெய்லரிடம் வேலை வாங்கினார் (தேதிகள் இணைப்பில்). நவம்பரில் இதனால் மற்றொரு ஆர்டரின் பி.பி. சாம்பிள் தாமதமானது. அந்த ஆர்டர் ஏரில் போனதற்கு இது ஒரு காரணம், லேபிள் தாமதம் மற்றொன்று.
>
> பொதுக் குரூப்பில் இரவு 10 மணிக்கு மேல் ஜூனியர்களின் பெயரைச் சொல்லி நான்கு முறை கண்டித்தார். ஒருமுறை லைன் முன்னிலையில் அளவு டேப்பைப் பிடுங்கி வீசியதை நான் பார்த்தேன். சாம்ப்ளிங் பிரிவு இப்போது அவருடைய ஆர்டர் பற்றிய சந்தேகங்களை அவரிடம் கேட்காமல் என்னிடம் கேட்கிறது.
>
> இனி: தவறு கண்டால் சம்பந்தப்பட்டவரிடம் தனியாகச் சொல்ல வேண்டும், குரூப்பில் பெயர் வேண்டாம். சாம்ப்ளிங் வரிசை மாற வேண்டுமானால் மேனேஜர் கையெழுத்து வேண்டும். ஜூலை இறுதியில் ரிஜிஸ்டரையும் குரூப்பையும் வைத்து இருவரும் உட்கார்ந்து பார்ப்போம்."

நான்கு முறை என்பதை நானாகப் போட்டேன், நீங்கள் எண்ணிச் சரிசெய்யுங்கள். சாம்ப்ளிங் உங்களிடம் வருகிறதா என்பதும் என் ஊகம். இல்லையென்றால் அடித்துவிடுங்கள்.

மார்க் என்ன போட்டாலும், மொதலாளிக்கு 4.1 என்ற ஒரே எண்ணாகக் கொண்டுபோகாதீர்கள். ரிசல்ட் இவ்வளவு, நடத்தை இவ்வளவு என்று இரண்டாகவே காட்டுங்கள்.

ஈரோட்டுக் கணக்கு

எல்லாஞ்சரி. ஆனா கடைசில இன்க்ரிமென்ட் ஒரே எண்ணுதானுங்களே? ரெண்டா காட்டினாலும் ரூபா ஒண்ணுதான் ஏறும்.

ஒண்டிப்புதூர்

அது உண்மை. என் பழக்கம், அந்த வருஷம் தெளிவாகச் சொல்லாத குறைக்காக அந்த வருஷக் காசைப் பிடிக்கமாட்டேன். இந்த வருஷம் ரிசல்ட்டுக்கு வர வேண்டியது முழுசாக வரட்டும். சீனியர் என்பதற்கு மேல், டீம் லீடராக உயர்த்துவது மட்டும் ஜூலைக்குப் பிறகு பார்க்கலாம். ஆளை நிர்வாகம் செய்யும் பதவிக்கு ஆளிடம் நடக்கும் விதம்தானே தகுதி.

சிவன்மலை

இதுல நான் ஒத்துப்போகலீங்க ஐயா. அவருக்குத் தெளிவா சொல்லலைங்கறது மேனேஜரோட பிரச்சனை. வருஷம் பூரா திட்டு வாங்கினது அந்தப் புள்ளைங்க. அவங்களுக்குத் தெரியறது, அந்தாளுக்கு முழு இன்க்ரிமென்ட் வந்துச்சுங்கறது மட்டும்தான். ஃபாரம்ல நீங்க என்ன அழகா எழுதினாலும் அதை அவங்க படிக்கப் போறதில்ல.

பீளமேடு டெக்கி

சிவன்மலைக்கு என் ஓட்டு. ஆய்வை நான் தப்பா எடுத்துட்டேன், சரி. ஆனா முழு இன்க்ரிமென்ட் குடுக்கறது ரொம்ப ஓவர்.

காங்கயம்ரோடு

நேத்து குமாரோட உக்காந்து பேசினேன். கேட்டவங்களுக்காகச் சொல்றேன்.

குரூப் மெசேஜை எண்ணினா அஞ்சு வந்துச்சு. சாம்ப்ளிங் மாஸ்டர் எங்கிட்டத்தான் வர்றாருங்கறது நெசம்தான், மாசக்கணக்கா அப்படித்தான் நடக்குது. நான்தான் அதைக் கவனிக்காம பதில் சொல்லிட்டு இருந்தேன். லேப் டிப்பும் குமாருக்கு அப்படியே பொருந்துச்சு.

முதல் பத்தியைப் படிச்சுட்டு நிமிந்து பாத்தாரு. "லேப் டிப்பை யாரும் கவனிக்கறாங்கன்னே எனக்குத் தெரியாதுங்"ன்னாரு. வரிசை தாண்டினதுக்கு வந்ததும் மூஞ்சி மாறிருச்சு. ஆறு தேதியையும் தன்ற டைரில வெச்சு ஒப்பிட்டுப் பாத்தாரு. "ஆகஸ்ட்ல வர்ற இது நான் இல்லீங், அன்னிக்கு நான் சாய ஃபேக்டரில இருந்தேன், நீங்கதான் போன்ல மாஸ்டர்கிட்ட முன்னால தெக்கச் சொன்னீங்க"ன்னாரு. மாஸ்டரைக் கூப்பிட்டுக் கேட்டா ஆமாங்கறாரு. அதை அடிச்சுட்டு அஞ்சுன்னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

டேப் விஷயத்துக்கு ஒண்ணும் சொல்லல. குரூப் மெசேஜுக்குக் கொஞ்சம் சண்டை போட்டாரு, "ராத்திரி பையர் மெயில் வர்றப்ப நான் மட்டும் முழிச்சிருக்கணுமா"ன்னு. அதுலயும் ஒரு ஞாயம் இருக்குது. ஊழியர் கருத்துன்னு இருக்கற கட்டத்துல அவரே எழுதினது: "சாம்ப்ளிங்கில் சீசன் நேரத்தில் இரண்டு டெய்லர் கூடுதலாகப் போட்டால் வரிசை தாண்ட வேண்டிய தேவையே இருக்காது."

ரிசல்ட் 4.5, நடத்தை 2 போட்டேன். மொத்தம் 3.75 வருது, நடுத்தட்டு. ஒண்டிப்புதூர் ஐயா சொன்ன மாதிரி முழு இன்க்ரிமென்ட் குடுக்கறதா, இல்ல எண்ணு சொல்றபடி விடறதான்னு மொதலாளி முடிவு. இன்னொரு மெர்ச்சண்டைசரோட மூணை மூணரை ஆக்கிட்டேன். அந்தப் பொண்ணை வேற டெஸ்க்குக்கு மாத்தியாச்சு.

ஒண்டிப்புதூர்

ஆகஸ்ட் தேதியை அவர் எதிரிலேயே அடித்தது நல்ல காரியம். மற்ற ஐந்தும் அதனால் நிற்கும். டெய்லர் விஷயத்தை மொதலாளியிடம் தனியாகக் கொண்டுபோங்கள், குமார் ஃபாரத்தோடு சேர்த்துக் கொடுத்தால் சாக்கு சொல்கிறார் என்று ஒதுக்கிவிடுவார்.

சிவன்மலை

அந்தப் பொண்ணு மாறினதுக்கு சந்தோஷம்ங்க. ஆனா குமார் டெஸ்க்குக்கு இப்ப யாரைப் போடப் போறீங்க?

காங்கயம்ரோடு

புதுசா ஒரு பையன் திங்கக்கெழம சேர்றான். அவனை என் டெஸ்க்லயே ரெண்டு மாசம் வெச்சுட்டு, லேப் டிப் பாக்க மட்டும் குமார்கிட்ட அனுப்பலாம்னு இருக்கேன். மொதலாளி "எதுக்கு ரெண்டு மாசம் வீணாக்கற"ன்னு கேக்கறாரு. இன்னும் பேசி முடியல.

பல்லடம் ஜாப்ஒர்க்

சித்தி வேணும்னா சொல்லுங்ணா, அனுப்பி வெக்கறேன்.